அமெரிக்க விசா போட்டோ: தலை அளவு சரியாக வர வெட்டுவது எப்படி?

காரைக்குடியில் ஸ்டுடியோவுக்குப் போய் "பாஸ்போர்ட் சைஸ்" என்றால் பெரும்பாலும் 35-க்கு 45 மி.மீ. படம்தான் கிடைக்கும். அமெரிக்க விசாவின் DS-160 படிவம் கேட்பதோ சதுரப் படம். குறைந்தது 600×600 பிக்சல், 240 kB-க்குள் இருக்க வேண்டும். முடியின் உச்சியிலிருந்து முகவாய் வரை தலை, படத்தின் உயரத்தில் 50 முதல் 69 சதவீதம். கண்கள் அடிவிளிம்பிலிருந்து 56 முதல் 69 சதவீத உயரத்தில்.

பழைய படத்தையே சதுரமாக வெட்டினால் என்ன? அதில் தலையே 34 மி.மீ. இருக்கும். 35 மி.மீ. சதுரத்துக்குள் அது முட்டிக்கொண்டு நிற்கும். அதனால் தள்ளி நின்று, இடுப்புவரை தெரியப் புதிதாக எடுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர், முன்னால் முற்றத்து வெளிச்சம். முட்டைப்பூச்சுச் சுவர் கண்ணாடிபோலப் பளபளக்கும், ஃபிளாஷ் போடாதீர்கள். மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட வேண்டும்.

மகன் வீட்டுக்குக் கிளம்பும் ஆச்சியின் படம் 3000×4000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். GIMP என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து மவுஸை நகர்த்தினால் கீழ் இடது மூலையில் இரண்டு எண்கள் ஓடும். முதலாவது இடமிருந்து, இரண்டாவது மேலிருந்து. முடி உச்சி 940, கண் 1500, முகவாய் 2040, மூக்கின் நடு இடமிருந்து 1480 என்று குறித்துக்கொண்டோம். கொண்டைப் பூ உச்சிக்கு மேலே எட்டிப்பார்த்தால் எது உச்சி என்றே குழம்பும். பூவை எடுத்துவிட்டே படம் பிடிப்பது நல்லது.

தலையின் உயரம் 2040 − 940 = 1100. இது 60 சதவீதமாக வேண்டும் என்றால் சதுரத்தின் பக்கம் 1100 ÷ 0.60, அதாவது 1833. கண் 62 சதவீத உயரத்தில் நிற்க, கண்ணுக்குக் கீழே 1833 × 0.62 = 1136 பிக்சல் வேண்டும். ஆகவே அடிவிளிம்பு 2636, மேல்விளிம்பு 803. இடது விளிம்புக்கு 1480-இலிருந்து 1833-இல் பாதியைக் கழித்தால் 564. குறைந்தபட்சத்திலோ அதிகபட்சத்திலோ போய் நிற்காமல் நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு: முடிக்குள் உச்சியைக் குறிப்பதில் இருபது முப்பது பிக்சல் பிசகினாலும் தாங்கும்.

Crop கருவியால் படத்தின்மேல் ஏதாவது ஒரு கட்டம் இழுத்துவிட்டு, அதன் Position பெட்டிகளில் 564, 803. Size பெட்டிகளில் 1833, 1833 என்று தட்டி Enter அடியுங்கள். பிறகு Image > Scale Image போய் 600×600. அங்கே சங்கிலிக் குறி பூட்டியே இருக்கட்டும். சதுரமாக வெட்டாமல், பூட்டைத் திறந்து 600×600 என்று திணித்தால் முகம் அகன்று உப்பிவிடும்.

கடைசியாக Export As, `.jpg`, Quality 90. அளவு 240 kB-ஐத் தாண்டினால் Quality-யை மட்டும் குறையுங்கள், பிக்சலில் கைவைக்காதீர்கள். சேமித்த கோப்பை மீண்டும் திறந்து அளந்தால் உச்சி 45, கண் 228, முகவாய் 405-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.