பொம்மைக்கு விரல் இல்லை: கை கழுவும் நாடகம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அங்கன்வாடிக் குழந்தைகளுக்காக நான் எழுதிய முதல் பொம்மை நாடகத்தில் கிருமிக்குக் கொம்பு இருந்தது, கோரைப் பல் இருந்தது, பச்சை நிறத்தில் நீண்ட வாலும் இருந்தது. குழந்தைகள் அலறிச் சிரித்தார்கள். நாடகம் முடிந்ததும் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தன் உள்ளங்கையை விரித்து என்னிடம் நீட்டினாள். “என் கையில் அது இல்லை, பாருங்கள்” என்றாள். பிறகு கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தாள்.

அவள் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நாங்கள் காட்டியதை அப்படியே புரிந்துகொண்டாள். கண்ணுக்குத் தெரியாததுதான் கிருமியின் முதல் குணம். அதை முழங்கை நீளப் பொம்மையாக்கி ஆட்டினால், கையில் ஒன்றும் தெரியாதபோது கை சுத்தம் என்றுதானே குழந்தை நினைக்கும்? இன்னொரு சிக்கலும் உண்டு. மேடையில் கிருமிப் பொம்மை தானாகக் குதித்து வந்து குழந்தைப் பொம்மையின் வாய்க்குள் புகுந்தது. உண்மையில் கிருமிக்குக் கால் இல்லை. சளியிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து பந்துக்கும், பந்திலிருந்து அடுத்தவர் விரலுக்கும், அங்கிருந்து வாய்க்கும் அதைத் தூக்கிச் செல்பவை நம் கைகளே. அது தானே பறந்து வரும் என்றால் கை கழுவி என்ன பயன்?

அதனால் இப்போது கிருமிக்குப் பொம்மையே செய்வதில்லை. பிறருக்கும் அதையே சொல்கிறேன். (கிருமிக்குக் கட்டாயம் பொம்மை வேண்டும் என்பவர்கள் அதற்குக் கறுப்புச் சாயம் பூசாமலாவது இருங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைகளின் தோல் நிறம் அது.)

கிருமிக்குப் பதிலாக நீல நிறச் சாக்பீஸ் தூள் கொஞ்சம் போதும். சின்னு என்ற அணில் பொம்மையின் மூக்கில் தூளைத் தடவிவிடுங்கள். சின்னு தும்முகிறது, கையால் மூக்கைத் துடைக்கிறது, வெள்ளைப் பந்தை எடுத்து முயலிடம் உருட்டுகிறது. முயல் பந்தைப் பிடிக்கிறது, பிறகு கேரட்டைக் கடிக்கிறது. இந்த இடத்தில் வசனமே வேண்டாம். முயலின் வாயோரத்தில் நீலம் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் குழந்தைகளே கத்திச் சொல்லிவிடுவார்கள். அதன்பின் கதை சொல்லும் அக்கா ஒரு துணியால் பந்தைத் துடைத்து, “இப்போது நீலம் தெரியவில்லை. உண்மைக் கிருமியும் இப்படித்தான், இருந்தாலும் தெரியாது” என்கிறார். கிருமிக்கு இந்த ஒரு வரி போதும்.

முயலுக்கு எப்போது சளி பிடிக்கிறது என்பதிலும் கவனம் வேண்டும். பல நாடகங்களில் கேரட்டைக் கடித்த மறுநொடியே முயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழும். கழுவாத கையால் சாப்பிட்டும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் குழந்தை அன்று மாலையே பார்த்துவிடும். அத்துடன் நம் கதையை நம்பாது. சளியோ வயிற்றுப்போக்கோ வெளியே தெரியச் சில மணி நேரம் முதல் சில நாட்கள் வரை ஆகலாம். முயலை உறங்கவையுங்கள், விளக்கை அணைத்து ஏற்றுங்கள், மறுபடி உறங்கவையுங்கள். இரண்டு இரவுகள் கழித்து அது மூக்கை உறிஞ்சட்டும். நோயைத் தண்டனையாகவும் ஆக்க வேண்டாம். ‘அழுக்குப் பையன்’ என்று மேடையில் ஒரு பெயர் விழுந்தால், மறுநாள் வகுப்பில் மூக்கு ஒழுகும் பிள்ளைக்கு அது ஒட்டிக்கொள்ளும்.

எழுதுபவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது கழுவும் காட்சியைத்தான். கையுறைப் பொம்மைக்குள் நம் ஆள்காட்டி விரல் தலையைத் தாங்குகிறது, கட்டை விரலும் நடுவிரலும் இரண்டு கைகளாகின்றன. அந்தக் கைகளில் விரல்களே கிடையாது. அவை இரண்டையும் சேர்த்துத் தட்டிவிட்டு, “பார், நன்றாகக் கழுவிவிட்டேன்” என்று பொம்மை சொன்னால், குழந்தை கற்பது உள்ளங்கையைத் தட்டுவதை மட்டுமே. கழுவும்போது வழக்கமாக விட்டுப்போகும் இடங்களோ விரல்நுனி, கட்டை விரல், விரலிடுக்கு, புறங்கை. இவற்றில் ஒன்றைக்கூடப் பொம்மையால் காட்ட முடியாது.

இந்தக் குறையையே கதையாக்கலாம். சின்னு சொல்கிறது: “அக்கா, எனக்கு விரலே இல்லையே! விரல் உள்ளவர்கள் எப்படிக் கழுவுவார்கள்?” அக்கா திரைக்கு முன்னால் வந்து தன் சொந்தக் கைகளைக் காட்டுகிறார். அவற்றில் தேங்காய் எண்ணெயில் குழைத்த பட்டைத் தூள் பூசியிருக்கிறது. (மஞ்சள் தூள் வேண்டாம். அது கிருமியை அழிக்கும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு அதுவே கிருமி என்றால் குழப்பம் வரும். பட்டைத் தூளைக் குழந்தைகளின் கையில் பூசவும் வேண்டாம், கண்ணைக் கசக்கிவிடுவார்கள்.) முதலில் வெறும் தண்ணீர். தூள் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. அடுத்து சோப்புப் போட்டு உள்ளங்கையை மட்டும் தேய்க்கிறார். புறங்கையிலும் நகத்தோரத்திலும் தூள் நிற்கிறது. “எங்கே விட்டுவிட்டேன்?” என்று கேட்டால் குழந்தைகள் ஓரிடம்கூட விடாமல் சொல்வார்கள்.

இதற்குப் பதிலாகப் பலர் மிளகுத் தூள் சோதனையைக் காட்டுகிறார்கள். தட்டில் தண்ணீர், மேலே மிளகுத் தூள், சோப்பு தொட்ட விரலை வைத்ததும் தூள் ஓரத்துக்கு ஓடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சொல்வது தவறு. சோப்பு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, அதனால் மிதக்கும் தூள் விலகுகிறது. கிருமி சோப்பைக் கண்டு ஓடுவதில்லை. விரலைச் சோப்பில் தொட்டால் போதும், தேய்க்கத் தேவையில்லை என்றே குழந்தை முடிவு கட்டும். சோப்பு எண்ணெய்ப் பசையைத் தோலிலிருந்து பிரிக்கிறது, தேய்ப்பது கிருமிகளைக் கிளப்புகிறது, தண்ணீர் இரண்டையும் அடித்துச் செல்கிறது. கொழுப்பு உறை கொண்ட சில வைரஸ்களைச் சோப்பு உடைத்தே விடும். உருளைப்புழுவின் முட்டையோ சோப்பால் சாகாது, தேய்த்து அலசினால்தான் போகும். ஆகவே ‘சோப்பு கிருமியைக் கொல்லும்’ என்ற வசனத்தை விட, ‘தேய், கிளம்பும், அலசு, போகும்’ என்பது குழந்தைக்கும் எளிது, உண்மையும்கூட.

குறைந்தது 20 விநாடி தேய்க்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு விநாடிக் கணக்கு தெரியாது. அதனால் பாட்டு வேண்டும். ‘கை கழுவு, கை கழுவு’ என்று மட்டும் திரும்பத் திரும்ப வரும் பாட்டில் குழந்தை உள்ளங்கையை விட்டு நகராது. ஒவ்வோர் அடியும் ஓரிடத்தைச் சொல்ல வேண்டும்.

உள்ளங்கை இரண்டும் உரசி உரசி
புறங்கை மேலே போய்வந்து போய்வந்து
விரலின் இடுக்கில் நுழைந்து நுழைந்து
கட்டை விரலைத் திருகித் திருகி
நுனியை உள்ளங்கையில் கீறிக் கீறி
மணிக்கட்டு வரைக்கும் வழித்து வழித்து

ஒவ்வோர் அடியையும் இரண்டு முறை, அவசரமில்லாமல் பாடினால் 20 விநாடியைத் தாண்டும். மேடையேற்றும் முன் கடிகாரத்தை வைத்துப் பாடிப் பாருங்கள். கூட்டத்தைக் கண்டதும் வேகம் கூடி, பாட்டு 10 விநாடியில் முடிந்துவிடுவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பாடும்போது குழாய் மூடியிருக்கட்டும்.

அலசியதோடு காட்சியை முடிக்க வேண்டாம். ஈரக் கையில் கிருமி எளிதாக ஒட்டும். சின்னு கையைப் பாவாடையிலோ கால்சட்டையிலோ துடைக்காமல், சுத்தமான துணியில் துடைப்பதையும் காட்டுங்கள்.

நாடகம் போடும் இடத்துக்கு முன்பே போய், அங்கே தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குழாய் இல்லாமல் வாளியும் குவளையும் மட்டுமே இருந்தால், குழாயைத் திறந்து மூடும் வசனம் அந்தக் குழந்தைகளுக்கு உதவாது. கழுவாத கைகளெல்லாம் வாளிக்குள் போனால் அந்தத் தண்ணீரும் கெடும். அங்கே குவளையை அக்கா பிடித்து ஊற்றட்டும், சின்னு கையை நீட்டட்டும். நாடகம் முடிந்ததும் அதே வாளியருகில் குழந்தைகளை வரிசையில் நிறுத்தி, அதே பாட்டைப் பாடிக் கழுவவையுங்கள்.