இரண்டு கப்பல் அடிபட்டால் யார் கட்டுவது? கணக்கில் விழும் பிழைகள்

கொழும்பில் கப்பல் நட்டக் கணக்குப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். இப்போது சனிக்கிழமைப் பின்னேரங்களில் நல்லூரில் ஒரு ரியூசன் கொட்டிலில் எட்டுப் பேருக்குக் கடற்காப்புறுதி சொல்லிக் கொடுக்கிறேன். போன கிழமை ஒரு மோதல் கணக்கைக் கொடுத்து வீட்டில் செய்துவரச் சொன்னேன். எட்டுக் கொப்பியில் ஐந்தில் ஒரே பிழை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானும் விட்ட பிழை அது. சிவப்புப் பேனையை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

கூட்டல் பிழை, திகதி பிழை, நாணய மாற்று மறந்தது எல்லாம் இங்கே இல்லை. அவை தானாகவே பிடிபடும்.

“ரெண்டு பேரிலயும் பிழை எண்டால் பாதி பாதி”

இது 1910க்கு முந்திய கணக்கு. அந்த வருடத்துப் பிரசெல்ஸ் உடன்படிக்கைக்குப் பிறகு பிழையின் அளவுக்கு ஏற்பத்தான் பங்கு. அளவைப் பிரித்தறியவே முடியாதபோது மட்டும் சரிபாதி.

கூடச் சேதப்பட்டவன் பக்கம் சாய்வது

சேதத்தின் அளவு வேறு, பிழையின் அளவு வேறு. மூழ்கிப்போன கப்பலுக்கே 80 வீதப் பிழை விழலாம்.

முதலில் வெட்டி, பிறகு கழிப்பது

நான் இதை எழுதுவதே இந்தப் பிழைக்காகத்தான். கணக்கை அப்படியே தருகிறேன்.

பெரிய கப்பலொன்றும் சின்னக் கப்பலொன்றும் அடிபடுகின்றன. சின்னதின் மொத்தத் தொன்னளவு 1,800. பெரிய கப்பலுக்குத் திருத்தச் செலவும் வேலையின்றி நின்ற நாட்களின் இழப்பும் சேர்த்து 6 மில்லியன். சின்னக் கப்பலுக்கு 4 மில்லியன். எல்லாத் தொகையும் எஸ்.டி.ஆரில், அதாவது சர்வதேச நாணய நிதியம் பல நாணயங்களைச் சேர்த்துக் கணிக்கும் அலகில். பொறுப்பு வரம்புகள் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பிழைப் பங்கு பெரியதுக்கு 40 வீதம், சின்னதுக்கு 60 வீதம்.

அப்படியென்றால் சின்னவன் பெரியவனுக்குக் கட்ட வேண்டியது 6 மில்லியனில் 60 வீதம், 3.6 மில்லியன். பெரியவன் சின்னவனுக்குக் கட்ட வேண்டியது 4 மில்லியனில் 40 வீதம், 1.6 மில்லியன். இதுவரை எட்டுக் கொப்பியும் சரி.

இனி வரம்பு. கப்பல் சொந்தக்காரர் ஒரு விபத்துக்காகத் தன் சொத்து முழுவதையும் இழக்கத் தேவையில்லை என்பது கடற்சட்டத்தின் பழைய சலுகை. கப்பலின் தொன்னளவை வைத்து ஓர் உச்சத் தொகை கணிக்கப்படும், அதற்கு மேல் அவர் கட்ட வேண்டியதில்லை. 1976 இலண்டன் உடன்படிக்கையின் 1996 திருத்த நெறியில், 2015 யூன் முதல் நடைமுறையில் உள்ள அளவுப்படி, 2,000 தொன்னுக்கு மேற்படாத கப்பலுக்குச் சொத்து இழப்புக் கோரிக்கைகளின் வரம்பு 1.51 மில்லியன். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் வரம்பு வேறாக உண்டு. இந்தக் கணக்கில் அது இல்லை.

அந்த ஐந்து பேரும் செய்தது இதுதான்: சின்னவனின் 3.6ஐ 1.51 ஆக வெட்டினார்கள். பிறகு பெரியவன் தரவேண்டிய 1.6ஐயும் இந்த 1.51ஐயும் நேருக்கு நேர் வைத்துக் கழித்தார்கள். முடிவில் பெரியவன் சின்னவனுக்கு 0.09 மில்லியன், அதாவது 90 ஆயிரம் கட்ட வேண்டும்!

ஒரு காப்புறுதிக் கிளையில் வேலை பார்க்கிற பிள்ளையொருத்தி, கெட்டிக்காரி, விடாமல் வாதாடினாள்.

“சேர், 1.51க்கு மேல கட்டத் தேவையில்லை எண்டுதானே சட்டம் சொல்லுது? அதைத்தான் முதல் போட்டன்.”

“அப்ப பிள்ளை, 60 வீதம் பிழை விட்டவன்ர கையில 90 ஆயிரத்தையும் குடுத்து வழியனுப்பப் போறீரோ?”

கொட்டில் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, கொப்பியைத் திரும்பப் பார்த்தாள். நல்ல அறிகுறி.

சரியான வழி எதிர்மாறு. முதலில் இரண்டு கோரிக்கையையும் ஒன்றுக்கொன்று கழிக்க வேண்டும்: 3.6 கழித்தல் 1.6, மிச்சம் 2.0 மில்லியன். வரம்பு அந்த மிச்சத்தின் மேல்தான் விழும். 2.0 வெட்டுப்பட்டு 1.51 ஆகும். சின்னவன் பெரியவனுக்கு 1.51 மில்லியன் கட்டுகிறான். இரண்டு விடைக்கும் இடையில் 1.6 மில்லியன் வித்தியாசம். அதோடு காசு போகும் திசையே மாறிவிடுகிறது.

இந்தச் சண்டை புதிதல்ல. கெடீவ், வூர்வார்ட்ஸ் என்ற இரண்டு கப்பல்கள் மோதிய வழக்கில் 1882இலேயே பிரித்தானியப் பிரபுக்கள் சபை இதைத் தீர்த்துவிட்டது. இரண்டு பக்கமும் பிழை என்றால் சட்டத்தின் கண்ணில் இருப்பது இரண்டு கடன் அல்ல, மிச்சமாக நிற்கும் ஒரே கடன் என்பதுதான் தீர்ப்பின் சாரம். 1976 உடன்படிக்கையின் 5ஆம் உறுப்புரையும் இதையே சொல்கிறது: ஒரே சம்பவத்தில் எதிரெதிர்க் கோரிக்கைகள் இருந்தால் முதலில் கழி, பிறகு மிச்சத்துக்கு வரம்பைப் போடு.

அப்படியிருக்க, விவரமானவர்களும் ஏன் இதில் விழுகிறார்கள்? காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடம் எடுத்தது. அவர்கள் காப்புறுதிப் பத்திரத்தை முதலில் படித்துவிடுகிறார்கள்.

வழமையான கப்பலுடல் பத்திரத்தில் மோதல் பொறுப்புக்கென்று ஒரு வாசகம் இருக்கும். மற்றக் கப்பலுக்குக் கட்டவேண்டிய தொகையில் நாலில் மூன்று பங்கைக் காப்புறுதியாளர் ஏற்பார், மிச்சக் கால் பங்கு பொதுவாகச் சொந்தக்காரரின் பி அன்ட் ஐ சங்கத்திடம், அதாவது கப்பல் சொந்தக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொறுப்புக் காப்புறுதிச் சங்கத்திடம் போகும். அந்தக் கணக்கைப் பார்க்கும்போது, இருவரும் ஒருவருக்கொருவர் முழுத் தொகையையும் தனித்தனியே கட்டியதாகப் பாவனை செய்யவேண்டும் என்கிறது பத்திரம். அதற்கு நியாயமும் உண்டு. வரம்பு என்ற பேச்சே இல்லாவிட்டால், எங்கள் பெரிய கப்பல் மிச்சத்தில் காசு வாங்குகிறதே தவிரக் கட்டவில்லை. ஆனாலும் அது 1.6 கட்டியதாகப் பாவித்து, காப்புறுதியாளர் அதில் நாலில் மூன்று, 1.2 மில்லியன் கொடுப்பார். திரும்பி வரும் 3.6இல் திருத்தச் செலவுக்குரிய பங்கு காப்புறுதியாளருக்கும், நின்ற நாட்களுக்குரிய பங்கு சொந்தக்காரருக்கும் போகும். மிச்சத்தை மட்டும் பார்த்தால் இந்தப் பிரிப்பு குழம்பிவிடும்.

ஆகவே ‘தனித்தனியே பார்’ என்ற பழக்கம் கையில் ஏறிவிடுகிறது. அதே வாசகத்தின் நடுவில் கிடக்கும் சின்னத் துண்டு கண்ணில் படுவதில்லை: ‘ஒரு கப்பலின் அல்லது இரண்டு கப்பலின் பொறுப்பும் சட்டத்தால் வரம்புபடாதவிடத்து’ என்று இருக்கும். வரம்பு வந்துவிட்டால் காப்புறுதிக் கணக்கும் மிச்சக் கடனுக்கே திரும்பிவிடும். எங்கள் உதாரணத்தில் சின்னவன் வரம்பைப் பிடித்துவிட்டான், பெரியவன் யாருக்கும் எதுவும் கட்டவில்லை. ஆகையால் அந்த வாசகத்தின் கீழ் பெரியவனுக்கு ஒரு சதமும் இல்லை.

நான் விட்டதும் இங்கேதான். மூன்று நாள் இருந்து தட்டச்சடித்த அறிக்கை. மேலதிகாரி கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், காசு போகும் திசையைக் காட்ட நான் போட்டிருந்த அம்புக்குறியைப் பென்சிலால் வெட்டி, மற்றப் பக்கம் திருப்பிக் கீறித் தந்தார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சரக்குக்காரரை மறப்பது

மேற்படி கணக்கில் பெரிய கப்பலில் இருந்த சரக்கு 1 மில்லியனுக்குப் பழுதாகியிருந்தால்? சரக்குக்காரர் சின்னவனிடம் கேட்கலாம், ஆனால் 60 வீதம்தான், 0.6 மில்லியன். 1910 உடன்படிக்கைப்படி சொத்து இழப்புக்கு ஒவ்வொரு கப்பலும் தன் பிழைப் பங்குக்கு மட்டுமே பொறுப்பு. மிச்ச 40 வீதத்தைத் தன்னை ஏற்றிவந்த கப்பலிடம் கேட்கப் போனால், கப்பலோட்டும் பிழைக்குச் சரக்கை ஏற்றிச்செல்லும் கப்பல்காரர் பொறுப்பல்ல என்று, கடல்வழிச் சரக்குக்கான சர்வதேச ஹேக் விஸ்பி விதி கதவைச் சாத்தும்.

இதோடு சின்னவன் மேல் இரண்டு கோரிக்கை: பெரியவனின் மிச்சம் 2.0, சரக்கின் 0.6. கூட்டினால் 2.6. இருப்பதோ 1.51 மட்டும். அதை விகிதப்படி பிரிக்க வேண்டும். பெரியவனுக்கு ஏறத்தாழ 1.16 மில்லியன், சரக்குக்காரருக்கு ஏறத்தாழ 0.35 மில்லியன். ஆளுக்கொரு 1.51 கிடையாது. இதையும் ஒரு கொப்பியில் பார்த்தேன்.

ஆளுக்குக் காயமோ உயிரிழப்போ என்றால் இந்தப் பங்குக் கணக்குப் பொருந்தாது. முழுத்தொகையையும் எந்தக் கப்பலிடமும் கேட்கலாம். கட்டியவர் மற்றவரிடம் அவருடைய பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

எந்தத் தொன்

மொத்தத் தொன்னளவு. சரக்குச் சுமக்கும் தொன் அல்ல.

கப்டன் குடித்திருந்தால் வரம்பு போய்விடும் என்பது

போகாது. 1976 உடன்படிக்கையில் வரம்பை உடைக்க, பொறுப்பாளியின் சொந்தச் செயல் காட்டப்பட வேண்டும். அந்த இழப்பை வேண்டுமென்றே வரவழைத்திருக்க வேண்டும், அல்லது அது வரக்கூடும் என்று தெரிந்தும் துணிந்து பொறுப்பில்லாமல் நடந்திருக்க வேண்டும். கப்டனின் குடி கப்டனோடு நிற்கும். குடிகாரன் என்று தெரிந்தே அவனைக் கப்பலில் ஏற்றியவர் கம்பனியின் தலைமையில் இருந்தால் அப்போது வாதாட இடமுண்டு, அதுவும் லேசில் வெல்லாது.

ஆனால் எந்த நாட்டு நீதிமன்றம் என்பதையும் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் கதை மோதல் அல்ல, அது 2021இல் தீப்பிடித்து எங்கள் கடலில் தாண்டது. அதற்கு இலண்டனில் வைத்த வரம்பு ஏறத்தாழ 19 மில்லியன் பவுண். 2025இல் எங்கள் உயர் நீதிமன்றம் கட்டச் சொன்னது 1 பில்லியன் டொலர். கணக்கைத் தொடங்க முன்னமே எந்தச் சட்டம் என்று கேளுங்கள்.

இரண்டு வருடம்

மோதலுக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போட உள்ள கெடு இது, மோதிய நாளிலிருந்து எண்ண வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் நாள் நிற்காது, வழக்குப் போட வேண்டும், அல்லது மற்றப் பக்கத்திடம் எழுத்தில் நீடிப்பு வாங்க வேண்டும். அடுத்த சனிக்குக் கொடுத்திருக்கிற கணக்கில் மோதிய திகதியை வேண்டுமென்றே மூன்று வருடத்துக்கு முந்தியதாகப் போட்டிருக்கிறேன். எத்தனை பேர் விழுந்து விழுந்து பங்கு பிரித்துக்கொண்டு வருகிறார்கள் என்று பார்க்கலாம்.