எவர்சில்வர் பாத்திரத்தில் கருப்பு டேப் ஒட்டி அளவு எடுங்கள்

நாசி கண்டார் கடையில் குழம்புப் பானையின் சூட்டை லேசர் தெர்மாமீட்டரில் வெளியிலிருந்து பார்ப்பதென்றால், பளபளப்பான உலோகத்தின் மேல் நேராகப் பிடிக்காதீர்கள். மின்கம்பி சுற்றும் கருப்பு டேப்பில் இரண்டு துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் அழுத்தி ஒட்டி, இரண்டு நிமிடம் விட்டு, கருவியில் எமிசிவிட்டியை, அதாவது ஒரு பரப்பு தன் சூட்டைக் கதிராக வெளிவிடும் திறனை, 0.95-இல் வைத்து டேப்பின் மேல் அளவெடுங்கள். 12 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. அகல வட்டத்தை அளக்கும் 12:1 கருவி என்றால் அந்தத் தூரமே சரி.

கருவி அளப்பது அகச்சிவப்புக் கதிரை. பளபளப்பான எவர்சில்வரின் எமிசிவிட்டி ஏறக்குறைய 0.15 தான். மீதி, சுற்றியுள்ள பொருள்களின் கதிர் அதில் பட்டுத் திரும்புவது. அதனால் 70 டிகிரிப் பானை, 30 டிகிரி அறையில், 40-க்கும் கீழே காட்டும். கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் மாறுகிறதா? அப்படியென்றால் அது பானையின் சூடு இல்லை. எமிசிவிட்டியை 0.15-க்குக் குறைத்துப் பார்ப்பதும் வீண். சிறு பிசகும் பல டிகிரியாகப் பெருகும்.

பிவிசி டேப் 80 டிகிரிக்கு மேல் தாங்காது, பசை இளகும். ரொட்டிச்சானாய் கல்லுக்கெல்லாம் தொட்டு அளக்கும் தெர்மாமீட்டர்தான். டேப் காட்டுவது பானைச் சுவரின் சூடு. குழம்பின் நடுச்சூட்டுக்கு உள்ளே குத்தித்தான் பார்க்க வேண்டும்.