தாராவியில் ஒரு தையல் பயிற்சி மையம்: டிரஸ்டா, சொசைட்டியா, செக்‌ஷன் 8 கம்பெனியா?

மும்பை தாராவியில் மூன்று தோழிகள் சேர்ந்து தையல் பயிற்சி மையம் தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாணவிகளிடம் சிறு கட்டணம் வாங்குவார்கள், கூடவே யூனிஃபார்ம் ஆர்டரும் எடுப்பார்கள். இதை டிரஸ்ட், சொசைட்டி, கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவாகும் செக்‌ஷன் 8 கம்பெனி என்ற மூன்று லாபநோக்கமற்ற வடிவங்களில் எதில் பதிவு செய்வது?

1. லாபத்தைப் பற்றி முதலில் பேசிவிடுங்கள். மூன்று வடிவிலும் லாபத்தைப் பங்கு போட முடியாது. வேலை பார்ப்பவர் நியாயமான சம்பளம் எடுக்கலாம், அவ்வளவுதான். பங்கு வேண்டுமென்றால் சாதாரண பிரைவேட் லிமிடெட் போதும்.

2. எத்தனை பேர் இருக்கிறீர்கள்? சொசைட்டிக்கு குறைந்தது 7 பேர் வேண்டும். முடிவு பொதுக்குழு ஓட்டில் போகும். பெயருக்கு நான்கு உறவினரைச் சேர்த்தால் நாளைக்கு அவர்கள் ஓட்டும் செல்லும். செக்‌ஷன் 8 கம்பெனிக்கு இரண்டு பேர் போதும்.

3. மகாராஷ்டிரச் சட்டத்தைப் பாருங்கள். இங்கே டிரஸ்ட் 1950-ஆம் வருட பொது அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் பதிவாகிறது. சொசைட்டி, சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவாவதோடு, அதே அலுவலகத்தில் பொது அறக்கட்டளையாகவும் பதிவாக வேண்டும், ஆக அதற்கு இரண்டு சட்டம். ஒரு டிரஸ்டி விலகி வேறொருவர் வந்தால் 90 நாளுக்குள் மாற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். அதை விசாரித்து ஏற்ற பிறகுதான் பதிவேட்டில் புதுப் பெயர் ஏறும். அது இழுத்தால், செக்கில் யார் கையெழுத்து என்பதிலேயே பேங்கில் வேலை நின்றுவிடும். கம்பெனியில் இயக்குநர் மாற்றத்தை 30 நாளுக்குள் ஆன்லைனில் தெரிவித்தால் போதும். ஆட்கள் மாறக்கூடிய இந்த மாதிரி மையத்துக்கு என் ஓட்டு கம்பெனிக்கே. ஆனால் கம்பெனிக்கு வரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் வருடா வருடம் ஆடிட்டும் அறிக்கைத் தாக்கலும் கட்டாயம். அந்தச் செலவு கட்டுப்படாது, ஆட்களும் மாறமாட்டார்கள் என்றால் டிரஸ்டே நல்லது.

4. நோக்கத்தை எழுதும்போது நிதானம் வேண்டும். வரிவிலக்கு விதி மூன்றுக்கும் ஒன்றுதான். நோக்கத்தைப் 'பொதுநலன்' என்று பொதுவாக எழுதினால், வியாபார வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மொத்த வரவு 20 லட்சம் என்றால் எல்லை 4 லட்சம். யூனிஃபார்ம் ஆர்டரில் 6 லட்சம் வந்தால் அந்த வருட விலக்கே போய்விடும். லாபம் ஐம்பதாயிரம்தானே என்று சொல்லித் தப்ப முடியாது, கணக்கு வரவை வைத்துத்தான். 'ஏழைப் பெண்களின் வாழ்வாதாரத்துக்கான உதவி' என்று தெளிவாக எழுதி, நடைமுறையிலும் அவர்களையே சேர்த்தால் இந்த 20 சதவீத எல்லை வராது. அப்போதும் ஆர்டர் வேலை பயிற்சியை ஒட்டியதாக இருக்க வேண்டும், அதற்குத் தனிக் கணக்குப் புத்தகமும் வேண்டும்.

5. பதிவு. சரி, கம்பெனிதான் என்றால் டிஜிட்டல் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் SPICe+ படிவத்தைத் திறங்கள். முதல் பகுதியில் பெயர். 'ஃபவுண்டேஷன்' போன்ற ஒரு சொல் அதில் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் நோக்கங்கள், முகவரி, இயக்குநர்கள். செக்‌ஷன் 8 உரிமமும் பான் எண்ணும் இதிலேயே கிடைத்துவிடும். முதல் ஆடிட்டரை 30 நாளுக்குள் நியமித்துவிட்டு, வருமான வரித் தளத்தில் வரிவிலக்குக்கும் நன்கொடையாளர் சலுகைக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள்.