ஓப்பன் யுனிவர்சிட்டி டிகிரி அரசாங்க வேலைக்குச் செல்லுமா? எங்கட ஆக்கள் விடுற பிழைகள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே டிகிரி படிக்கிறாக்கள் நிறைய. அவங்கள்ள பாதிப்பேருக்கு ஒரே பயம்தான், கெசட் வந்தா இந்த டிகிரிய எடுப்பாங்களா இல்லையா எண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில எடுத்த பட்டம் எண்டா எடுப்பாங்க, அதில சந்தேகமே வேணாம். 1978ஆம் ஆண்டு 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குக் கீழ 1980ல தொடங்கினது, யூஜிசிக்குக் கீழ இருக்கிற தேசியப் பல்கலைக்கழகம், மட்டக்களப்பிலயே பிராந்திய நிலையம் இருக்கு. கிழக்குப் பல்கலைக்கழகமோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ குடுக்கிற வெளிவாரிப் பட்டமும் அரச பல்கலைக்கழகப் பட்டம்தான். ஓப்பன் யுனிவர்சிட்டியையும் எக்ஸ்டேர்னல் எண்டு சொல்றாக்கள் இருக்காங்க, அது பிழை, அங்க அசைன்மென்ட், டே ஸ்கூல் எல்லாத்தோடயும் பதிவு செஞ்சு படிக்கிறது. விண்ணப்பத்தில சும்மா “வெளிவாரி” எண்டு போட்டுடாதீங்க, சேர்ட்டிபிகேட்டில இருக்கிற பேர அப்பிடியே எழுதுங்க.

அப்ப எங்க ஆக்கள் விழுறாங்க எண்டா, திகதியில. கெசட்டுல கிட்டத்தட்ட எப்பவும் ஒரு வரி வரும், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் எல்லாத் தகைமையும் பூர்த்தியாகி இருக்கவேணும் எண்டு. அந்த இடத்தில பாக்கிறது பட்டமளிப்பு விழா நடந்த நாளையோ ரிசல்ட் வந்த நாளையோ இல்ல, பட்டம் வலுவுக்கு வாற திகதிய, அதாவது எஃபெக்டிவ் டேட்ட. அதத் தீர்மானிக்கிறது பல்கலைக்கழகம், சேர்ட்டிபிகேட்டில இருக்கும்.

இத ஒரு கணக்காப் பாருங்க. கல்முனைப் பக்கம் ஒரு தங்கச்சி, கந்தோர்ல வேலை செஞ்சுகொண்டு பி.ஏ. முடிக்கிறா எண்டு வைப்பம். கடைசிப் பரீட்சை பெப்ரவரியில, பட்டதாரி ஆசிரியர் விண்ணப்பம் மே 31ல முடியுது, ரிசல்ட் யூலையில வருது, பட்டமளிப்பு அடுத்த வருசம். அவ “எனக்கு இன்னும் டிகிரி கிடைக்கல” எண்டு விண்ணப்பிக்காம விட்டா நட்டம் வரலாம், ஏனெண்டா பல்கலைக்கழகம் எஃபெக்டிவ் டேட்ட பரீட்சை முடிஞ்ச நாளோட ஒட்டிப் போட்டா அவ மே 31க்கு முதலே பட்டதாரி. ஆனா ஒரு பாடம் பெயிலாகி ஒகஸ்ட்ல திரும்ப எழுதினா கதையே மாறும், திகதி அந்த ரிப்பீட்டுக்குப் பிறகு போயிடும், மற்ற எல்லாப் பாடமும் ஏ எடுத்திருந்தாலும் அந்தக் கெசட்டுக்கு அவ இல்ல. ஆகவே விண்ணப்பிக்க முதல் பரீட்சைப் பிரிவுல எஃபெக்டிவ் டேட் எந்த நாளா வரும் எண்டு கேட்டு, முடிஞ்சா கடிதமா எடுத்து வைங்க. இன்டர்வியூ மேசையில “சேர்ட்டிபிகேட் வரும் சேர்” எண்டு சொல்றதால பிரயோசனமில்ல.

இன்னொண்டு, டிகிரி எண்டா எல்லாம் ஒரே டிகிரி இல்ல. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில மூன்று வருசப் பட்டம் 5ஆம் மட்டம், 90 கிரெடிட். ஹொனர்ஸ் 6ஆம் மட்டம், 120 கிரெடிட். விரிவுரையாளர் மாதிரி சில பதவிக்கு ஹொனர்ஸ் கேப்பாங்க, அங்க மூன்று வருசம் போதாது. இதுக்கும் திறந்த பல்கலைக்கழகமா வேற இடமா எண்டதுக்கும் சம்பந்தமில்ல. ஆசிரியர் நியமனம் எண்டா கேட்ட பாடம் உங்கட ட்ரான்ஸ்கிரிப்ட்ல இருக்கா எண்டும் பாருங்க, பட்டம் சரி, பாடம் பிழை எண்டு திரும்பி வந்தாக்களும் இருக்காங்க.

பதவி உயர்வில இருக்கிற நம்பிக்கையத்தான் முதல் உடைக்கவேணும். முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் ஒருவர் டிகிரி முடிச்சா தானா தரம் கூடாது. அவர் தரம் III இல இருந்து II க்குப் போறது சேவைக்காலம், வினைத்திறன் காண் தடை, திருப்தியான வேலை எண்டதுகளால. பட்டம் உதவுறது அந்தத் தகைமைய கேக்கிற வேற சேவைக்கு விண்ணப்பிக்கையில, இல்லாட்டி உங்கட சேவைப் பிரமாணக் குறிப்பில அப்பிடி எழுதியிருந்தா. அந்தக் குறிப்ப எடுத்து வாசிங்க, கன்டீன்ல கேட்ட கதைய நம்பாதீங்க. முடிச்ச உடனே உறுதிப்படுத்தின பிரதிய தனிப்பட்ட கோவையில சேர்க்கச் சொல்லி எழுத்தில குடுத்து, வாங்கின கையொப்பத்தோட ஒரு கொப்பிய நீங்களும் வைங்க.

கடைசியா இந்தியத் தொலைக்கல்வி. யூனிவர்சிட்டி பேர் பெரிசா இருந்தாக் காணாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின்ட தொலைக்கல்விக்கு 2014-15 வரைக்கும்தான் அங்கீகாரம் குடுத்திருந்தது எண்டு இந்திய யூஜிசி 2022 மார்ச்சில அறிவிச்சது. அதால காசு கட்ட முதல் ரெண்டு கேள்வி: அந்த வருசத்துக்கு, அந்தக் கோர்ஸ்க்கு, தொலைக்கல்வி முறையில அங்க அனுமதி இருக்கா, எங்கட யூஜிசி அந்தப் பல்கலைக்கழகத்த அங்கீகரிச்சு கடிதம் குடுக்குமா. ஏஜென்ட் வாயால சொன்னா ஏத்துக்காதீங்க, எழுத்தில கேளுங்க.