டயலாக் ஓடும், வாய் பின்னால் வரும்: ரீல்ஸில் நாம் செய்கிற தவறுகள்

தண்டையார்பேட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்வதுதான் என் பிழைப்பு. சாயங்காலம் ஆனால் தெருப் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "அண்ணே, எல்லாம் கரெக்டாத்தான் நடிச்சேன், ஆனா வாய் ஒட்ட மாட்டேங்குது." சினிமா டயலாக் ஆடியோவைப் போட்டு வீட்டில், கடையில் நடக்கிற சின்ன விஷயங்களுக்கு வாயசைக்கிற ரீல்ஸ்தான். நடிப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கோளாறு வேறு இடத்தில்.

போன மாதம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். காசிமேடு மீன் மார்க்கெட்டில் ஞாயிறு காலையில் எடுத்தது. வில்லன் மிரட்டுகிறான், ஹீரோ கொஞ்ச நேரம் பேசாமல் பார்க்கிறான், பிறகு அமைதியாக ஒரே வரியில் பதில் சொல்கிறான். மொத்தம் 11 நொடி ஆடியோ. பையன் அதை மீன் பேரத்துக்குப் பொருத்தியிருந்தான். வில்லன் வசனம் அடிமாட்டு விலைக்குக் கேட்கிற கஸ்டமருக்கு, ஹீரோவின் பதில் மீன் விற்கிற அவனுடைய அத்தைக்கு. நல்ல யோசனை. ஆனால் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

முதல் தவறு, டயலாக்கைப் புளூடூத் ஸ்பீக்கரில் ஓடவிட்டு நடித்தது. மார்க்கெட் சத்தத்தில் போன் ஸ்பீக்கர் கேட்காது என்று அப்படிச் செய்திருக்கிறான். போனிலிருந்து புளூடூத்தில் போகிற சத்தம் நம் காதுக்கு வரச் சாதாரணமாகவே 150, 200 மில்லி செகண்ட் தாமதமாகும். நடிப்பவர் கேட்டுவிட்டுத்தானே வாயசைக்கிறார்? அந்தத் தாமதம் அப்படியே வாயில் ஏறிவிடும். வீடியோவில் நொடிக்கு 30 பிரேம். ஒரு பிரேம் சுமார் 33 மில்லி செகண்ட். ஆக, வாய் ஐந்தாறு பிரேம் பின்தங்கிவிட்டது. ஆப் அதை எல்லா நேரமும் சரிக்கட்டித் தராது.

இதில் கண்ணுக்கு ஒரு வீம்பு உண்டு. ஊரில் எங்கேயும் காட்சி முதலில், சத்தம் அப்புறம். தூரத்தில் பட்டாசு வெடித்தால் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் சத்தம் வரும். அதனால் சத்தம் கொஞ்சம் பிந்தினால் மூளை பொறுத்துக்கொள்ளும், முந்தினால் உடனே உறுத்தும். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்காக 1998-இல் வெளியிட்ட அளவுப்படி, சத்தம் 45 மில்லி செகண்ட் முந்தினாலே ஆட்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிந்தினால் 125 வரை தெரிவதில்லை. புளூடூத்தால் வருகிற கோளாறு மோசமான பக்கம்தான்: வாய் பிந்துகிறது, சத்தம் முந்துகிறது. சந்தேகமாக இருந்தால் ஆடியோவை ஒரு பிரேம் பின்னால் தள்ளுங்கள். முன்னால் இழுக்காதீர்கள்.

எங்கே பார்த்துச் சரிசெய்வது? ப, ம வருகிற இடத்தில். இந்த இரண்டுக்கும் உதடு முழுசாக மூடியே ஆக வேண்டும். க, த, ற எல்லாம் வாய்க்குள்ளே நடக்கிற வேலை, இரண்டு பிரேம் தப்பினாலும் யாருக்கும் தெரியாது. டயலாக்கில் 'அம்மா', 'அப்புறம்' மாதிரி ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, உதடு ஒட்டுகிற பிரேமையும் சத்தம் அடைபடுகிற இடத்தையும் சேர்த்துவைத்தால் மீதி தானாக உட்காரும்.

இதைவிடச் சுலபமான வழி, கல்யாண வீட்டு டான்ஸ் வீடியோவுக்கு நாங்கள் செய்வது. ஆடியோவை இன்னொரு போனில், ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிடுங்கள். உங்கள் போனில் சாதாரண கேமராவில் எடுங்கள். நடிப்பவர் கேட்ட அதே சத்தம் கேமரா மைக்கிலும் பதிவாகிவிடும். இதுதான் கைடு டிராக். பிறகு எடிட்டிங் ஆப்பில் சுத்தமான ஆடியோவை அதன் கீழே வைத்து, இரண்டின் அலைகளிலும் உயரமான முனைகளை நேருக்கு நேர் நிறுத்திவிட்டு, கைடை மியூட் செய்துவிடுங்கள். ஸ்பீக்கர் புளூடூத்தாக இருந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் மைக்கும் தாமதமான சத்தத்தைத்தான் கேட்டது. ஒரே கண்டிஷன்: ஸ்பீக்கர் நடிப்பவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பத்து மீட்டர் தள்ளி வைத்தால் சத்தம் நடந்து வருவதற்கே ஒரு பிரேம் போய்விடும்.

இன்னொன்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பது. கழுத்தும் தாடையும் வேலை செய்யாது, மூச்சும் இழுக்காது, பொம்மை மாதிரி இருக்கும். வெட்கப்படாமல் உரக்கப் பேசியே நடியுங்கள். டயலாக்குக்கு முன்னால் ஹீரோ மூச்சு இழுக்கிற சத்தம் ஆடியோவில் இருந்தால் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

சரி, வாயை ஒட்டவைத்தாயிற்று. அப்பவும் சிரிப்பு வரவில்லை. காரணம், நடுவில் இருந்த இரண்டு நொடி மௌனத்தைப் பையன் வெட்டியிருந்தான். "சும்மா இருக்குற எடம்ணே, தள்ளிட்டுப் போயிடுவாங்க." இந்தப் பயம்தான் பாதி ரீல்ஸைக் கெடுக்கிறது. சினிமாவில் அந்த மௌனம் மிரட்டல். மீன் கடையில் அந்த மௌனம்தான் காமெடி. கேட்ட விலைக்கு அத்தை எந்தப் பதிலும் சொல்லாமல், செதிலைச் சீவுகிற கையை மட்டும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும். காசிமேட்டில் ஒரு தடவையாவது பேரம் பேசினவனுக்கு அந்தப் பார்வை தெரியும். மௌனத்தைத் திரும்ப வைத்து, அதற்கு அத்தையின் முகத்தை மட்டும் தனியாக எடுத்துவரச் சொன்னேன்.

முதல் டேக்கில் அத்தை ஹீரோவை மாதிரியே கண்ணை உருட்டிக் கையை ஆட்டியிருந்தார். அது மிமிக்ரி. இந்த வகை ரீல்ஸில் குரல்தான் சினிமா, உடம்பு நம்முடையது. பதில் வசனம் ஓடும்போது அத்தை பாட்டுக்குத் தராசில் மீனை எடுத்துப் போட்டுக்கொண்டே வாயசைத்தால் போதும். வட சென்னை என்றாலே லுங்கியை மடித்துக் கட்டி, கத்தியோடு வந்து நிற்பதும் இதே தவறுதான். எனக்கு அது அலுத்துவிட்டது. தவிர, கத்தியோடு ரீல்ஸ் போட்டு போலீஸ் வழக்கு வாங்கினவர்கள் தமிழ்நாட்டில் ஒருவர் இருவர் இல்லை. மீன் கத்தி பலகையில் மீன் மேலேயே இருக்கட்டும்.

ஆடியோவைப் பற்றிச் சின்னதாக ஒன்று. யாரோ போட்ட ரீலை ஸ்கிரீன் ரெக்கார்டு செய்து அந்தச் சத்தத்தை உருவாதீர்கள். சத்தம் மங்கும், அதோடு அதே ஆடியோவில் வந்த ரீல்ஸ் எல்லாம் இருக்கிற பக்கத்தில் உங்கள் வீடியோ சேராமல் தனியாக நின்றுவிடும். இன்ஸ்டாகிராமில் ஆடியோ பெயரைத் தொட்டு Use audio கொடுத்தால் அங்கே போய்ச் சேரும். கைடு டிராக் முறையில் எடுத்தாலும் கடைசியில் அந்த ஆடியோவையே மேலே வைத்துப் பொருத்துங்கள். கடை பெயரில் பிசினஸ் அக்கவுண்ட் என்றால் சில ஆடியோ கிடைக்காது.

கடைசியாக, திரையில் போடுகிற எழுத்து. 'மீன் வாங்க வந்த கஸ்டமர் ரொம்பக் கம்மியா கேட்டப்போ எங்க அத்தை ரியாக்‌ஷன்' என்று முழுக் கதையையும் எழுதியிருந்தான். பிறகு பார்க்க என்ன இருக்கிறது? யார் யார் என்று மட்டும் சொன்னால் போதும். அதையும் கீழே வைத்திருந்தான், அங்கே கேப்ஷன் மறைக்கும். வலது ஓரம் வைத்தால் லைக் பட்டன் மறைக்கும். நெஞ்சு உயரத்தில், நடுவில் வையுங்கள். மிரட்டல் தொடங்குவதற்குள் படித்து முடிக்கிற அளவுதான் நீளம் இருக்கலாம். கடைசியில் 'வஞ்சிரம் வாங்க வந்தவர்' என்று கஸ்டமர் தலைக்குப் பக்கத்தில் இரண்டு நொடி, அத்தைக்கு எழுத்தே இல்லை.

எல்லாம் சரியாக வந்தது. போட்டான். வந்த கமெண்டில் பாதி அத்தையைப் பற்றி, மீதிப் பாதி மீனைப் பற்றி. எழுத்தில் வஞ்சிரம், பலகையில் கிடந்தது பாறை மீன். அத்தையிடம் காட்டாமல் போட்டிருக்கிறான். நானும் கவனிக்கவில்லை, எடிட் செய்த இரண்டு மணி நேரமும் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.