கரண்ட் வந்துவிட்டது, ரவுட்டரில் இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பு: என்ன செய்வது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மே மாதத்துக் கோடை மழை இடியோடுதான் வரும், வந்தால் கரண்டும் போகும். கரண்ட் திரும்பிய பிறகு ஃபைபர் ரவுட்டரில் எல்லா லைட்டும் எரிந்து, இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பாக நிற்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. இதில் பெரும்பாலும் கெட்டுப்போவது ரவுட்டரும் இல்லை, கேபிளும் இல்லை. ஆனால் பதற்றத்தில் பலர் பின்பக்கத்து சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்திவிடுகிறார்கள். தானாகச் சரியாகியிருக்க வேண்டியது, ஆள் வந்து சரிசெய்ய வேண்டியதாகிவிடுகிறது. அந்த ரீசெட் பட்டனை மட்டும் தொடாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் லைட்டைப் படியுங்கள்

ரவுட்டரைப் போட்டு மூன்று நான்கு நிமிஷம் காத்திருங்கள். அதற்கு முன்னால் தெரியும் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அப்புறம் இரண்டு லைட்டுகளைப் பாருங்கள். ஒன்றில் பி.ஓ.என் என்றும் இன்னொன்றில் எல்.ஓ.எஸ் என்றும் ஆங்கில எழுத்தில் இருக்கும். லைன்மேன்கள் 'பான்', 'லாஸ்' என்பார்கள்.

லாஸ் சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால், ஃபைபர் வழியாக ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். மரக்கிளை விழுந்து கேபிள் அறுந்திருக்கலாம். கேபிள்காரரின் மெஷின் இருக்கும் இடத்தில் இன்னும் கரண்ட் வராமலும் இருக்கலாம். பக்கத்து வீட்டிலும் இதே கதை என்றால் காத்திருப்பதே வழி. உங்கள் வீட்டில் மட்டும் என்றால், ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பச்சை நிற முனை முழுதாக உள்ளே போயிருக்கிறதா, மெல்லிய வயர் எங்காவது ஒடிந்தமாதிரி மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். முனையைக் கழற்றினால் அதன் வாய்க்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி. நுனியை விரலால் தொடவும் வேண்டாம். துளி எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினாலே சிக்னல் குறையும். இவ்வளவும் பார்த்து லாஸ் அணையவில்லை என்றால் லைன்மேன் வந்துதான் ஆக வேண்டும்.

லாஸ் அணைந்திருக்கிறது, பான் மின்னாமல் பச்சையாக நிற்கிறது, இன்டர்நெட் மட்டும் சிவப்பு என்றால் கேபிளை மறந்துவிடலாம். உங்கள் ரவுட்டர் கம்பெனியின் மெஷினோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. லாகின்தான் ஆகவில்லை.

மூன்று பாஸ்வேர்டுகள்

லாகின் என்றதும் குழப்பம் வரும், ஏனென்றால் ஒரே பெட்டியில் மூன்று இருக்கின்றன. வைஃபை பாஸ்வேர்டு நம் போனில் போடுவது. ரவுட்டர் பக்கத்தைத் திறக்கும் பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் ஒட்டியிருக்கும். மூன்றாவதுதான் இங்கே முக்கியம்: கம்பெனி உங்கள் கணக்குக்குக் கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும். நிறைய இணைப்புகளில் ரவுட்டர் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் இதைத் தானே அனுப்பி லாகின் செய்துகொள்ளும். இந்த முறைக்குப் பெயர் பி.பி.பி.ஓ.இ. கனெக்ஷன் கொடுத்தவர் ரவுட்டருக்குள் டைப் செய்துவிட்டுப் போயிருப்பார், நாம் பார்த்தே இருக்க மாட்டோம். ரீசெட் பட்டன் இதையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால்தான் வேண்டாம் என்றேன்.

கரண்ட் பட்டென்று போகும்போது, 'நான் வெளியே போகிறேன்' என்று சர்வருக்குச் சொல்ல ரவுட்டருக்கு நேரமில்லை. சர்வரின் கணக்கில் நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். கரண்ட் வந்து ரவுட்டர் மறுபடி லாகின் கேட்டால், 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார்' என்று சர்வர் மறுத்துவிடலாம். பழைய செஷன் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று இதைத்தான் சொல்கிறார்கள். சர்வரே கொஞ்ச நேரத்தில் அதைக் கலைத்துவிடும். எவ்வளவு நேரம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் நிமிஷத்துக்கு ஒரு தடவை போட்டுப் போட்டு அணைப்பதை விட, ஒரே தடவை அணைத்துப் பதினைந்து நிமிஷம் விட்டுப் போடுவது நல்லது.

வேலந்தாவளத்தில் சித்தி வீட்டில் பார்த்தது

பக்கத்து வீட்டில் அதே கேபிள்காரரின் நெட் ஓடுகிறது. சித்தி வீட்டில் பான் பச்சை, லாஸ் இல்லை, இன்டர்நெட் சிவப்பு. பதினைந்து நிமிஷம் அணைத்து வைத்துப் போட்டும் அப்படியேதான். சரி, உள்ளே பார்த்துவிடலாம் என்று போனை வைஃபையில் இணைத்தேன். இங்கே ஒரு விஷயம்: வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்ததும் போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், ரவுட்டர் பக்கம் திறக்காது. மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு பிரவுசரில் இதை டைப் செய்யுங்கள்:

```
192.168.1.1
```

சில ரவுட்டர்களில் முகவரி வேறாக இருக்கும், ஸ்டிக்கரிலேயே போட்டிருப்பார்கள். ஸ்டிக்கரில் உள்ள பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து உள்ளே போய், `Status` என்ற இடத்தில் `WAN` பகுதியைப் பார்த்தேன். ஐ.பி முகவரி `0.0.0.0`, பக்கத்தில் `Authentication failure`. அதாவது சர்வர் பதில் சொல்கிறது, ஆனால் உள்ளே விட மறுக்கிறது. பி.பி.பி.ஓ.இ யூசர்நேம் அழியாமல் அப்படியே இருந்தது. அந்த இடம் காலியாக இருந்திருந்தால் யாரோ ரீசெட் அழுத்தியிருக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். அங்கே எதையும் மாற்றாமல் ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாஸ்வேர்டு இருக்கும் கட்டத்தில் புள்ளிகளாகத்தான் தெரியும், அதை அழித்துவிட்டால் திரும்ப வராது.

கம்பெனிக்குப் போன்

கனெக்ஷனுக்குப் பதிவு செய்த நம்பரிலிருந்து கூப்பிடுங்கள், கஸ்டமர் ஐடியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லைப்பக்கம் நம்மில் பலரிடம் கோயமுத்தூர் சிம் இருக்கும். அதனால் இணைப்பு பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது என்று எடுத்தவுடன் சொல்லிவிடுங்கள். 'நெட் வரவில்லை' என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி வைத்துவிடுவார்கள். லைட்டின் நிறத்தைச் சொல்லுங்கள். மலையாளத்தில் பேச வேண்டியிருந்தால் இவ்வளவு போதும்: "பான் லைட் பச்சயாணு, இன்டர்நெட் லைட் சுவப்பாணு. செஷன் க்ளியர் செய்யாமோ?"

சித்திதான் பேசினார். மறுமுனையில் இருந்தவர் பழைய செஷன் நிற்பதைப் பார்த்து அதை நீக்கினார். ரவுட்டரை அணைத்து இரண்டு நிமிஷம் கழித்துப் போடச் சொன்னார். போட்டதும் லைட் பச்சையானது.

செஷனை நீக்கியும் அதே `Authentication failure` வந்தால், பிளான் காலாவதியாகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் புது பாஸ்வேர்டு போட்டுத் தரச் சொல்லி, அதை ரவுட்டரின் பி.பி.பி.ஓ.இ கட்டத்தில் பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் டைப் செய்யுங்கள். இடையில் ரவுட்டரை மாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். சில கம்பெனிகள் கணக்கைப் பழைய பெட்டியோடு கட்டிவைத்திருக்கும், அவர்கள்தான் அவிழ்த்துவிட வேண்டும். ஆள் அனுப்புகிறேன் என்றால் கம்ப்ளெயின்ட் நம்பரை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.